கர்ப்பிணிகளின் மூக்கடைப்பு: மருந்துக்கடை முகப்பில் கேட்கப்படும் கேள்விகள்

சளியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. ஐந்தாம் மாதம் தொடங்கியதிலிருந்து மூக்கு மட்டும் அடைத்தே கிடக்கிறது. இது என்ன நோய் அக்கா?

நோய் என்று சொல்ல மாட்டேன். கர்ப்பத்தால் மட்டுமே வரும் மூக்கடைப்பு ஒன்று உண்டு. கர்ப்பிணிகளில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு அது வருகிறது. ஆறு வாரமோ அதற்கு மேலோ அடைப்பு நீடிக்க வேண்டும்; தொற்றுக்கோ ஒவ்வாமைக்கோ வேறு அறிகுறி இருக்கக் கூடாது; குழந்தை பிறந்து இரண்டு வாரத்துக்குள் அது முழுவதும் மறைந்துவிட வேண்டும். இந்த மூன்றும் பொருந்தினால்தான் மருத்துவர்கள் அந்தப் பெயரைக் கொடுக்கிறார்கள். மூன்றாவது நிபந்தனை கொஞ்சம் வேடிக்கையானது. பிரசவம் ஆன பிறகுதான் உங்களுக்கு வந்தது அதுதானா என்று உறுதியாகத் தெரியும். அதுவரை மற்ற காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கித்தான் அந்த முடிவுக்கு வர முடியும்.

கர்ப்பத்தின் எந்த மாதத்திலும் இது தொடங்கலாம். கடைசி மூன்று மாதங்களில் பலருக்குக் கூடுதலாக இருக்கும்.

சளி இல்லாமல் மூக்கு எப்படி அடைக்கும்? எவ்வளவு சிந்தினாலும் ஒன்றும் வருவதில்லை.

வராது, வருவதற்கு உள்ளே ஒன்றும் இல்லை. மூக்கை அடைத்துக்கொண்டிருப்பது சளி அல்ல, வீங்கிய சதை. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் எந்த மருந்து வேலை செய்யும், எது வீண் செலவு என்பது பாதி விளங்கிவிடும்.

மூக்கின் உட்சுவரில் இரு பக்கமும் மெல்லிய எலும்பின் மேல் சதை போர்த்திய மடிப்புகள் இருக்கின்றன. உள்ளே போகும் காற்றைச் சூடாக்கி ஈரமாக்குவது இவற்றின் வேலை. அதற்காக இவற்றுக்குள் ரத்தம் தேங்கி நிற்கக்கூடிய நுண்ணிய பைகள் நிறைய உண்டு. பைகள் நிரம்பினால் மடிப்பு நீரில் ஊறிய பஞ்சைப் போல உப்பிவிடும், காற்று போகும் வழி குறுகும். கர்ப்பத்தில் உடலின் மொத்த ரத்த அளவு ஏறத்தாழ பாதி அளவுக்குக் கூடுகிறது. புரோஜெஸ்டிரோன் ரத்தக் குழாய்ச் சுவர்களைத் தளர்த்துகிறது. ஈஸ்ட்ரோஜனுக்கும் நஞ்சுக்கொடி சுரக்கும் வளர்ச்சி ஹார்மோனுக்கும் இதில் பங்கு இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எந்த ஹார்மோன் எவ்வளவு என்பதில் இன்னும் கருத்து ஒன்றுபடவில்லை.

ஆகவே திரும்பத் திரும்ப மூக்கைச் சிந்தாதீர்கள். சதை இன்னும் புண்பட்டு வீங்கும், ரத்தமும் கசியும்.

எனக்கு முன்பே தூசி ஒவ்வாமை உண்டு. இது அதுவா, கர்ப்பத்தால் வந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அரிப்பைக் கவனியுங்கள். மூக்கு, கண், மேலண்ணம் இவற்றில் அரிப்பு, காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மல், தண்ணீராக ஒழுகும் மூக்கு என்றால் ஒவ்வாமை. கர்ப்பகால அடைப்பில் அரிப்பு இருக்காது, தும்மல் அபூர்வம். சளிக்காய்ச்சல் என்றால் தொண்டை வலியோ உடம்பு வலியோ கூடவே வரும். பத்து நாளில் அடங்கிவிடும்.

சிங்கப்பூரில் மகரந்தப் பருவம் என்று ஒன்று கிடையாது. இங்கே ஒவ்வாமைக்கு முதல் காரணம் மெத்தையிலும் தலையணையிலும் வாழும் தூசிப் பூச்சிகள். நம் ஈரக் காற்று அவற்றுக்கு மிகவும் பிடித்தமானது. படுக்கை விரிப்பை வாரம் ஒரு முறை 60 பாகை வெந்நீரில் துவைப்பதும் குளிரூட்டியின் வடிகட்டியைக் கழுவுவதும் ஒவ்வாமைக்காரருக்கு உண்மையாகவே பயன் தரும்.

இரண்டும் சேர்ந்தே இருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். வீங்கிய மூக்கைப் புகை உடனே சீண்டும். பூசையறை ஊதுபத்தி, வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி, சீனர்களின் ஏழாம் மாதத்தில் அடுக்குமாடிக் கட்டடங்களின் கீழே எரிக்கும் காகிதம், சில ஆண்டுகளில் வந்து சூழும் புகைமூட்டம், எல்லாமே இந்தக் கணக்கில் சேரும். சாம்பிராணியைச் சில மாதங்களுக்கு நிறுத்தச் சொன்னால் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். சாமிக்குப் பூ போதும் என்று சொல்லிப் பாருங்கள்.

நான் வாயால்தான் மூச்சு விடுகிறேன். குழந்தைக்குப் பிராணவாயு குறைந்துவிடுமா?

வெறும் அடைப்பால் குறையாது. வாய் வழியாகப் போகும் காற்றும் அதே நுரையீரலுக்குத்தான் போகிறது.

குறட்டை வேறு விஷயம். கர்ப்பத்துக்கு முன் இல்லாத உரத்த குறட்டை இப்போது வந்திருக்கிறது, இடையிடையே மூச்சு நின்று திணறுகிறீர்கள் என்று உங்கள் கணவர் சொல்கிறார், பகலில் பஸ்ஸில் உட்கார்ந்தவுடன் தூங்கிவிடுகிறீர்கள் என்றால், அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது அதைக் கட்டாயம் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சு தடைபடுவதற்கும் கர்ப்பகால உயர் ரத்த அழுத்தத்துக்கும் தொடர்பு உண்டு.

பகலில் சமாளித்துக்கொள்கிறேன். படுத்தால்தான் இரண்டு பக்கமும் அடைத்துவிடுகிறது. ஏன்?

நிற்கும்போது தலையிலிருந்து ரத்தம் தானாகக் கீழே இறங்கும். படுத்ததும் அந்த இறக்கம் போய்விடும், மூக்கின் ரத்தப் பைகள் நிரம்பும். ஒருக்களித்துப் படுத்தால் கீழ்ப்பக்க மூக்கு அதிகம் அடைக்கும். கர்ப்பத்தின் பிற்பாதியில் மல்லாந்து படுக்க வேண்டாம் என்பதால் உங்களுக்கு வேறு வழியும் இல்லை.

செய்யக்கூடியது, தலையோடு தோளையும் முதுகையும் சேர்த்து உயர்த்துவது. 30 பாகை சாய்வு இருந்தால் நல்லது. இரண்டு தலையணையை அடுக்கிக் கழுத்தை மட்டும் மடக்கினால் கழுத்து வலிதான் மிஞ்சும். சரிவான ஆப்பு வடிவ மெத்தை கிடைக்கிறது. அதை இடுப்புக்கு மேலிருந்து தொடங்கும்படி வைத்து, அதன் மேல் இடப்பக்கமாகச் சாய்ந்து படுங்கள். நெஞ்செரிச்சல் இருப்பவர்களுக்கு அதற்கும் சேர்த்தே பலன் கிடைக்கும்.

மூக்கின் வெளியே ஒட்டும் பட்டைகளையும் முயன்று பார்க்கலாம். அதில் மருந்து எதுவும் இல்லை. உள்ளிருக்கும் மெல்லிய வில், மூக்கின் பக்கச் சுவரை வெளியே இழுத்து வழியை அகலப்படுத்தும். நம் ஊர் வியர்வையில் நடு இரவில் கழன்று தலையணையில் ஒட்டிக்கொள்ளும் என்று பலர் குறை சொல்கிறார்கள். மூக்கைச் சோப்பால் கழுவி நன்றாகத் துடைத்து, முகப்பூச்சு எதுவும் தடவாமல் ஒட்டினால் விடியும்வரை நிற்கும். மென்தால் வாசனை சேர்க்காத வகையே போதும்.

மாலையில் அரை மணி நேரம் சுறுசுறுப்பாக நடந்தாலும் மூக்கு சிறிது நேரம் திறக்கும். உடல் உழைக்கும்போது மூக்கின் ரத்தக் குழாய்கள் தாமாகச் சுருங்கிக்கொள்ளும். நடக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தால் இதை விட்டுவிடுங்கள்.

உப்பு நீரால் மூக்கைக் கழுவச் சொல்கிறார்கள். குழாய் நீரைப் பயன்படுத்தலாமா? எவ்வளவு உப்பு?

சிங்கப்பூர் குழாய் நீரைக் கொதிக்க வைக்காமலே குடிக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் குடிப்பதற்கான தரம் வேறு, மூக்குக்கான தரம் வேறு. வயிற்றில் அமிலம் இருக்கிறது. மூக்கில் அந்தக் காவல் இல்லை. வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் ஒருவகை அமீபா மூக்கு வழியாக மூளைக்கு ஏறினால் உயிரைப் பறிக்கும். அது மிக அரிது. ஆனாலும் தடுப்பது சுலபம் என்னும்போது ஏன் துணிய வேண்டும்? தண்ணீரைத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க வைத்து, மூடி வைத்து, உடல் சூட்டுக்கு ஆறவிடுங்கள். அல்லது காய்ச்சி வடித்த நீர் வாங்கிக்கொள்ளுங்கள்.

அளவு இது: அரை லிட்டர் நீருக்கு நாலரை கிராம் உப்பு. சமையலறைத் தராசு இல்லையென்றால், அயோடின் சேராத தூள் உப்பில் தலை தட்டிய முக்கால் தேக்கரண்டி. ஒரு சிட்டிகை சமையல் சோடா சேர்த்தால் எரிச்சல் குறையும். கல் உப்பைக் கரண்டியால் அளக்க வேண்டாம். கல்லின் பருமனைப் பொறுத்து எடை மாறிவிடும். கலவையை நாக்கில் வைத்தால் கண்ணீரின் உப்பு தெரிய வேண்டும். மூக்கில் விட்டதும் சுரீரென்று எரிந்தால் உப்பு கூடிவிட்டது, அல்லது குறைந்துவிட்டது. நீச்சல் குளத்து நீர் மூக்கில் ஏறினால் எரிகிறதே, அங்கே உப்பு போதாததும் ஒரு காரணம்.

கழுவு தொட்டியின் மேல் குனிந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, வாயால் மூச்சு விட்டபடி, மேலே இருக்கும் நாசியில் மெதுவாக விடுங்கள். மறுபக்கம் வழிந்து வரும். ஒரு பக்கத்துக்கு நூறு மில்லிலிட்டர் அளவு போதும். முற்றிலும் அடைத்திருந்தால் பாட்டிலை அழுத்தித் தள்ளாதீர்கள், நீர் காதுக்குள் ஏறி வலிக்கும். அப்போது உப்பு நீர் ஸ்பிரேயால் மட்டும் நனையுங்கள். பாட்டிலை ஒவ்வொரு முறையும் கழுவிக் கவிழ்த்து உலர்த்த வேண்டும். மீந்த கலவையை ஒரு நாளுக்கு மேல் வைத்திருக்க வேண்டாம்.

உப்பு நீரில் மருந்து எதுவும் இல்லை என்பதால் கர்ப்பத்தின் எல்லா மாதங்களிலும், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை செய்யலாம். அடைப்பு முழுவதும் விலகும் என்று எதிர்பார்க்காதீர்கள். காய்ந்த பொருக்கும் தூசியும் போய் மூக்கு லேசாகும். படுக்கப் போகும் முன் செய்தால் தூக்கம் பிடிக்க உதவும்.

தஞ்சாவூரிலிருந்து வந்திருக்கும் அம்மா, நொச்சி போட்டு வேது பிடிக்கச் சொல்கிறார். மாமியார் கோடாலித் தைலம் தேய்க்கச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

இந்தப் பஞ்சாயத்தில் நான் தலையிடுவதாக இல்லை. மருந்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஆவி பிடிப்பது சில நிமிடங்களுக்கு இதம் தரும். அதனால் கருவுக்குக் கெடுதல் இல்லை. ஆபத்து அந்தக் கொதிநீர்ப் பாத்திரத்தில் இருக்கிறது. பெரிய வயிற்றோடு, போர்வைக்குள் கண் தெரியாமல், மடிக்கு அருகில் கொதிநீரை வைத்துக்கொண்டு உட்கார்வது தீக்காயத்துக்கு அழைப்பு. வெந்நீரில் குளிக்கும்போது குளியலறைக் கதவைச் சாத்திவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றாலே போதிய ஆவி கிடைக்கும். வேதுதான் வேண்டுமென்றால் பாத்திரம் ஆடாத மேசை மேல் இருக்கட்டும், அடுப்பிலிருந்து இறக்கிச் சற்று ஆறட்டும்.

தைலத்தைப் பற்றி ஒரு செய்தி: மென்தால் மூக்கைத் திறப்பதே இல்லை. குளிர்ச்சியை உணரும் நரம்புகளைத் தூண்டி, காற்று நன்றாகப் போவதாக மூளைக்குத் தோன்ற வைக்கிறது. அளந்து பார்த்தால் அடைப்பு அப்படியே இருக்கும். ஆனாலும் தூக்கம் வரும்வரை அந்த உணர்வு கிடைத்தால் அதுவும் லாபம்தானே. கைக்குட்டையில் இரண்டு சொட்டு விட்டு முகர்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உடம்பெல்லாம் அடிக்கடி பூசுவது வேண்டாம். இத்தகைய தைலங்கள் பலவற்றில் மெத்தில் சாலிசிலேட் இருக்கிறது. அது தோல் வழியாக உள்ளே போகும், ஆஸ்பிரினுக்கு உறவுக்காரப் பொருள். கற்பூரமும் அப்படியே தோலைக் கடக்கும். மூக்குக்குள் தடவுவதும் வெந்நீரில் கலந்து குடிப்பதும் கூடவே கூடாது.

சளி மாத்திரை ஒன்று போட்டால் என்ன? வழக்கமாக வீட்டில் இருப்பதுதான்.

சளி மாத்திரை என்பது ஒரு மருந்து அல்ல, இரண்டு மூன்று மருந்துகளின் கலவை. பெட்டியைத் திருப்பி, பின்னால் இருக்கும் சிறிய எழுத்தைப் படியுங்கள்.

சூடோஎபெட்ரின் என்றிருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள். ஒவ்வாமை மாத்திரையின் பெயருக்குப் பின்னால் டி என்ற எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் இதுதான் சேர்ந்திருக்கும். இது மூக்கில் மட்டும் இல்லாமல் உடல் முழுவதும் ரத்தக் குழாய்களைச் சுருக்கும். முதல் மூன்று மாதங்களில் உட்கொண்டவர்களின் குழந்தைகளுக்கு வயிற்றுச் சுவரிலும் குடலிலும் அரிய குறைபாடுகள் வரும் வாய்ப்புச் சற்றுக் கூடுவதாகச் சில ஆய்வுகள் காட்டின. பிந்திய மாதங்களில் ரத்த அழுத்தம் உயர்வதுதான் கவலை. மருத்துவர் பார்த்துக் கொடுத்தாலன்றி வேண்டாம். தெரியாமல் ஒன்று போட்டுவிட்டீர்கள் என்றால் பதற வேண்டியதில்லை, அடுத்ததைப் போடாதீர்கள்.

பினைல்எப்ரின் மாத்திரை இன்னொரு கதை. வாய் வழியாக எடுத்தால் அது மூக்கடைப்புக்கு வேலை செய்வதில்லை என்று அமெரிக்க மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு 2023இல் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. பலனே இல்லாத மருந்துக்குச் சிறு ஆபத்துகூட அதிகம்.

லோராடடின், செட்டிரிசின், குளோர்பெனிரமின் ஆகிய ஒவ்வாமை மருந்துகளைக் கர்ப்பத்தில் கொடுத்த அனுபவம் நிறைய இருக்கிறது, கவலைப்படும்படி எதுவும் தெரியவில்லை. ஆனால் அவை ஹிஸ்டமினைத் தடுப்பவை. உங்களுக்கு அரிப்பும் தும்மலும் இல்லையென்றால் அங்கே தடுப்பதற்கு ஹிஸ்டமின் இல்லை. தூக்கக் கலக்கம்தான் கிடைக்கும்.

மருத்துவர் ஸ்டீராய்டு ஸ்பிரே எழுதிக் கொடுத்தார். ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டதும் பயமாக இருக்கிறது.

மூக்கில் அடிப்பது மைக்ரோகிராம் கணக்கு. அதில் ரத்தத்தில் சேர்வது இன்னும் சொற்பம். இவற்றில் கர்ப்பிணிகள் அதிகம் பயன்படுத்தி, அதிகம் கவனிக்கப்பட்டது புடசோனைடு. ஃபுளூட்டிகாசோன், மொமெட்டாசோன் இரண்டையும் பரிந்துரைக்கிறார்கள். ட்ரையம்சினலோனை மட்டும் தவிர்க்கச் சொல்வது வழக்கம். மூச்சுப்பாதைக் குறைபாடுகளோடு ஓர் ஆய்வு அதைத் தொடர்புபடுத்தியது.

பாதுகாப்பைவிட, பயன்படுமா என்பதுதான் நான் கேட்கும் கேள்வி. ஒவ்வாமை உள்ளவருக்கு நன்றாகவே பயன்படும். கர்ப்பத்தால் மட்டும் வந்த அடைப்பில், ஃபுளூட்டிகாசோனை மருந்தில்லாத ஸ்பிரேயோடு எட்டு வாரம் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வில் வித்தியாசம் தெரியவில்லை. உங்கள் மருத்துவர் ஒவ்வாமையும் இருக்கலாம் என்று நினைத்து எழுதியிருப்பார். இரண்டு வாரம் ஒழுங்காக அடித்துப் பாருங்கள், மாற்றம் இல்லையென்றால் அவரிடம் சொல்லி நிறுத்திவிடலாம்.

அடிக்கும் முறையிலும் தவறு நடக்கிறது. வலது நாசிக்கு இடது கையையும் இடது நாசிக்கு வலது கையையும் பயன்படுத்துங்கள். நுனி தானாகவே வெளிப்பக்கம், அதாவது காதை நோக்கித் திரும்பும். நடுத்தண்டை நோக்கி அடித்தால் அங்கே புண்ணாகி ரத்தம் வரும். தலையைப் பின்னால் சாய்த்து வேகமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும்.

ஏழு மாதம். மூன்று வாரமாக இரவில் ஆக்சிமெட்டாசோலின் ஸ்பிரே அடித்துத்தான் தூங்குகிறேன். முதலில் ஒரு முறை அடித்தால் விடியும்வரை தாங்கியது. இப்போது நான்கு மணி நேரம்கூடத் தாங்கவில்லை, பகலிலும் அடிக்க வேண்டியிருக்கிறது. என் மூக்கு கெட்டுவிட்டதா?

கெடவில்லை, மருந்துக்குப் பழகிவிட்டது. நீங்கள் சொன்ன அந்த மணிக்கணக்கே அதற்குச் சாட்சி. இந்த மருந்து ஒரு முறை அடித்தால் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்ய வேண்டியது. நேரம் சுருங்கிக்கொண்டே வந்தால், மருந்தின் பிடி விட்டதும் முன்னைவிட மோசமாக அடைத்தால், இப்போது அடைப்பதற்குக் கர்ப்பத்தோடு மருந்தும் ஒரு காரணமாகிவிட்டது என்று பொருள்.

ஆக்சிமெட்டாசோலினும் அதன் உறவான சைலோமெட்டாசோலினும் மூக்கின் ரத்தக் குழாய்களை நேரடியாகச் சுருக்குகின்றன. அதனால்தான் ஐந்தே நிமிடத்தில் மூக்கு திறக்கிறது. நாள்கள் போகப் போகக் குழாய்கள் அந்தக் கட்டளையைச் சரியாகக் கேட்பதில்லை. மருந்து இறங்கியதும் முன்பைவிட அகலமாக விரிகின்றன. மூன்று நாளுக்கு மேல் வேண்டாம் என்று சொல்வது இதற்காகத்தான். சளிக்காய்ச்சலில் மூன்று நாள் போதும், அதற்குள் காய்ச்சலே வடிந்துவிடும். மாதக் கணக்கில் நீடிக்கும் கர்ப்பகால அடைப்புக்கு மூன்று நாள் மருந்து பொருந்தவே பொருந்தாது. விற்கும்போது இதை யாரும் உங்களுக்குச் சொல்லாதது எங்கள் தொழிலின் குறை.

குழந்தையைப் பற்றிய கவலைக்கு: சரியான அளவில் மூக்கில் அடித்தால் ரத்தத்தில் சேர்வது குறைவு. அளவு மீறி அடிக்கடி அடித்தால் கூடுதலாகச் சேரும், கருப்பைக்குப் போகும் ரத்தக் குழாய்களையும் அது சுருக்கக்கூடும். ஆகவே விட வேண்டும், ஆனால் பீதியில் ஒரே இரவில் எல்லாவற்றையும் தூக்கி எறிய வேண்டியதில்லை.

முதலில் உங்கள் மகப்பேற்று மருத்துவரிடமோ பலதுறை மருந்தகத்திலோ நடந்ததைச் சொல்லி, ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அழுத்தம் உயர்ந்திருந்தால் ஸ்பிரேயை அன்றே நிறுத்துவதுதான் சரி. அழுத்தம் சரியாக இருந்தால் படிப்படியாக விடலாம். நான் இந்த வரிசையைத்தான் சொல்வேன். மருத்துவர் ஒப்புக்கொண்டால் புடசோனைடு ஸ்பிரேயை இரு நாசியிலும் தொடங்குங்கள். அதன் பலன் தெரியச் சில நாள்கள் ஆகும் என்பதால் அதற்கு ஒரு வாரம் கொடுங்கள். கர்ப்பகால அடைப்புக்கு அது பயன்படவில்லை என்று மேலே சொன்னேன். இங்கே அது மருந்தால் வந்த வீக்கத்தை வற்ற வைப்பதற்காக. அந்த வாரம் ஆக்சிமெட்டாசோலினை இரவில் ஒரு முறை மட்டும் என்று குறையுங்கள். இரண்டாம் வாரம் வலது நாசியில் அதை அடியோடு நிறுத்திவிட்டு, இடது நாசியில் மட்டும் இரவில் அடியுங்கள். வலது பக்கம் இரண்டு மூன்று நாள் கல் வைத்ததுபோல அடைக்கும். இந்த இடத்தில்தான் பலர் மனம் தளர்ந்து மறுபடி அடித்துவிடுகிறார்கள். மூச்சு விட இடது பக்கம் திறந்திருப்பதால் உங்களால் தாங்க முடியும். உப்பு நீர், சாய்வு மெத்தை, ஒட்டும் பட்டை எல்லாம் இந்த நாள்களுக்காகத்தான். வலது பக்கம் பழைய நிலைக்கு வந்ததும் இடது பக்கத்தையும் நிறுத்திவிடுங்கள்.

பழைய நிலை என்றால் ஸ்பிரே தொடங்குவதற்கு முன் இருந்த நிலை. கர்ப்பகால அடைப்பு அப்படியே இருக்கும், அது பிரசவத்தோடுதான் போகும். இதை முன்பே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் ‘இவ்வளவு பாடுபட்டும் மூக்கு திறக்கவில்லையே’ என்று மறுபடி கடைக்குப் போவீர்கள். இரண்டு நாசியிலும் நிறுத்தி இரண்டு வாரத்துக்குப் பிறகும் ஸ்பிரேக் காலம் போலவே அடைத்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இரண்டு நாளாகத் தலை வலிக்கிறது. சைனஸ்தானே? பனடால் போடலாமா?

இருபது வாரம் கடந்திருந்தால் ‘சைனஸ்தானே’ என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். மூக்கடைப்பு இருப்பதாலேயே எல்லாத் தலைவலியையும் மூக்கின் மேல் போடும் பழக்கம் நமக்கு வந்துவிடுகிறது. கடுமையான தலைவலி, கண் முன் மின்னல் அல்லது மங்கல், வலது விலாவின் கீழ் வலி, முகமும் கையும் திடீரென வீங்குவது, இவற்றில் ஒன்றிருந்தாலும் அது கர்ப்பகால உயர் ரத்த அழுத்த நோயாக இருக்கலாம். வீட்டில் கருவி இருந்தால் அளந்து பாருங்கள். 140க்கு 90 அல்லது அதற்கு மேல் இருந்தால் மருந்துக்கடைக்கு வராதீர்கள், நேராக மருத்துவமனைக்குப் போங்கள். அழுத்தம் குறைவாக இருந்தாலும் இந்த அறிகுறிகள் இருந்தால் போக வேண்டியதுதான். கேகே மருத்துவமனையில் கர்ப்பிணிகளுக்கான அவசரப் பிரிவு 24 மணி நேரமும் இயங்குகிறது.

சைனஸ் தொற்று என்றால் கெட்டியான மஞ்சள் அல்லது பச்சைச் சளி, கன்னத்திலோ மேல் பற்களிலோ குனிந்தால் கூடும் வலி, சில நேரம் காய்ச்சல் இருக்கும். பத்து நாளுக்கு மேல் குறையாவிட்டாலோ, குறைந்து மறுபடி கூடினாலோ மருத்துவர் அமாக்சிசிலின் போன்ற கர்ப்பத்துக்கு ஒத்துவரும் மருந்தைக் கொடுப்பார். முன்பு வாங்கி மீந்த ஆன்டிபயாட்டிக்கைப் போட வேண்டாம், டாக்சிசைக்ளின் போன்றவை கர்ப்பத்தில் தவிர்க்க வேண்டியவை.

வலிக்குப் பாரசிட்டமால் போடலாம், அதுதான் பனடால். இபுபுரூஃபன் வேண்டாம்.

காலையில் கைக்குட்டையில் ரத்தம் தெரிகிறது.

நிரம்பியிருக்கும் மெல்லிய குழாய் உடைந்தால் அப்படித்தான். முன்பக்கம் குனிந்து, மூக்கின் மென்மையான கீழ்ப்பாதியைப் பத்து முதல் பதினைந்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். நடுவில் விட்டுப் பார்க்கக் கூடாது. அரை மணி நேரத்துக்கு மேல் நிற்காவிட்டால் மருத்துவமனை. எப்போதும் ஒரே பக்கம் மட்டும் அடைத்து, அதே பக்கம் திரும்பத் திரும்ப ரத்தம் வந்தால் உள்ளே ரத்தக் குழாய்கள் நிறைந்த ஒரு சிறிய சதைக் கட்டி வளர்ந்திருக்கலாம். கர்ப்பத்தில் இது வருவதுண்டு, புற்றுநோய் அல்ல, ஆனால் காட்டிவிட வேண்டும்.

சிராங்கூன் சாலையில் வாங்கிய கஷாயப் பொடி, இல்லையென்றால் சீன மருந்துக்கடைக் கஷாயம் குடிக்கலாமா?

மிளகு ரசம், இஞ்சித் தேநீர், மஞ்சள் பால் இவை சாப்பாடு, குடியுங்கள். ரசத்தின் காரம் மூக்கை ஒழுக வைக்கும், அவ்வளவுதான். நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் காரத்தைக் குறைக்க வேண்டும்.

பொடிகளில் அதிமதுரம் அதிகம் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நாள்தோறும் அதிக அளவில் எடுத்தால் ரத்த அழுத்தத்தை உயர்த்தும் பொருள் அது, கர்ப்பத்தில் தவிர்ப்பது நல்லது. சீன மருந்தில் மாஹுவாங் என்னும் மூலிகை மூக்கடைப்புக்குப் பெயர் போனது. அதில் இருப்பது எபெட்ரின். சூடோஎபெட்ரின் வேண்டாம் என்று நான் சொன்ன அத்தனை காரணமும் அதற்கும் பொருந்தும். என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதாத பொட்டலத்தை வாங்காதீர்கள்.

குழந்தை பிறந்த பிறகு என்ன செய்ய வேண்டும்?

மூக்குக்கு ஒன்றும் செய்ய வேண்டாம். பலருக்குச் சில நாள்களிலேயே திறந்துவிடும். இரண்டு வாரம் கடந்தும் நீடித்தால் ஒவ்வாமைக்கோ வேறு காரணத்துக்கோ சோதிக்க வேண்டும். பால் கொடுக்கும் காலத்திலும் சூடோஎபெட்ரின் வேண்டாம், அது பால் சுரப்பைக் குறைக்கும்.

பேறுகாலக் குளியலுக்குப் பிறகு குழந்தைக்குச் சாம்பிராணிப் புகை காட்டுவதும், மூக்கு அடைத்திருக்கிறது என்று நெஞ்சில் தைலம் தடவுவதும் வேண்டாம். கற்பூரம் பச்சிளம் குழந்தைக்கு வலிப்பை வரவழைக்கலாம், மென்தால் மூச்சைத் தடுக்கலாம். உங்கள் மார்பிலும் கையிலும் தைலம் பூசியிருந்தால் கழுவிவிட்டுக் குழந்தையைத் தூக்குங்கள். சில பொருள்கள் பட்டால் ரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்துபோகும் ஜி6பிடி குறைபாடு இருக்கிறதா என்று இங்கே பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் சோதிக்கிறார்கள். அந்தக் குறைபாடு இருக்கிறது என்று சொன்னால், மருத்துவமனையில் கொடுக்கும் தவிர்ப்புப் பட்டியலைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வையுங்கள். துணி அலமாரியில் இருக்கும் பாச்சை உருண்டையையும் அன்றே எடுத்து எறியுங்கள். குழந்தையின் மூக்கு அடைத்தால் பால் கொடுக்கும் முன் ஒவ்வொரு நாசியிலும் ஓரிரு சொட்டு உப்பு நீர் போதும். குழந்தைக்கு வீட்டில் கலக்காமல், ஒரு முறை பயன்படுத்தும் சிறு குப்பிகளாக வாங்கிக்கொள்ளுங்கள்.